ரத்த ஸ்மியர் படத்தில் வெள்ளணுக்களை எண்ணிப் பிரிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மைக்ரோஸ்கோப்பில் நேராகப் பார்த்து டிஃபரன்ஷியல் கவுண்ட் போடுவதற்குப் பாடப்புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அதையே புகைப்படத்தை வைத்துச் செய்ய உட்கார்ந்தால், அந்தப் புத்தகங்கள் பாதி தூரம்தான் கூட வருகின்றன. நியூட்ரோஃபில் எப்படி இருக்கும், மோனோசைட் எப்படி இருக்கும் என்று எல்லாவற்றிலும் படம் போட்டிருக்கும். எந்த இடத்தைப் படமெடுக்க வேண்டும், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட செல்லை என்ன செய்வது, ஒரே செல் இரண்டு படங்களில் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையெல்லாம் நானே திண்டாடித்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்தத் திண்டாட்டம் வேண்டாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் எண்ணும்போது பெரிய தவறுகள் செல்லின் பெயரைச் சொல்வதில் வருவதில்லை. எந்தச் செல்லைப் படமெடுத்தோம், எதை விட்டோம் என்பதில்தான் வருகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் படமெடுக்கும் வழிக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

## 1. ஸ்லைடு இந்த வேலைக்குத் தாங்குமா என்று பாருங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன் சிறிய லென்ஸில், அதாவது 10x-இல், ஸ்லைடை ஒரு சுற்று பாருங்கள். ஸ்மியரின் தலைப்பகுதி தடிப்பாகவும் வால் மெல்லியதாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், லேசாகத் தொட்டும் தொடாமலும் ஒரே அடுக்காகப் பரவிய பகுதி வேண்டும். அங்கே பெரும்பாலான சிவப்பணுக்களின் நடுவில் வெளிறிய வட்டம் தெரியும். அந்தப் பகுதியே இல்லை என்றால் அந்த ஸ்லைடை விட்டுவிட்டு வேறு ஸ்மியர் போடச் சொல்லுங்கள்.

அடுத்து ரத்தம் எவ்வளவு நேரம் குழாயில் இருந்தது என்று கேளுங்கள். ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்த ரத்தம் என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்மியர் போட்டிருப்பது நல்லது. பல மணி நேரம் கழித்துப் போட்ட ஸ்மியரில் மோனோசைட்டுகளில் இல்லாத குமிழ்கள் தோன்றும். நியூட்ரோஃபிலின் உட்கரு சுருங்கி, கருமையான உருண்டைகளாக உடையும். இவற்றை நோயின் அறிகுறி என்று படத்தில் எளிதாக நினைத்துவிடலாம்.

ஸ்டெயினைச் சோதிக்கச் சிவப்பணுவின் நிறத்தைப் பாருங்கள். லீஷ்மன், ரைட், ஜீம்சா எதுவாக இருந்தாலும் சிவப்பணு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். எல்லாமே நீலமோ சாம்பலோ அடித்தால் பஃபரின் பி.எச். ஏறியிருக்கலாம், அல்லது கழுவியது போதாமல் இருக்கலாம். வழக்கமான பி.எச். 6.8. நிறத்தைக் கணினியில் பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்டெயினில் வராத துகள் படத்திலும் வராது.

## 2. கேமராவைப் பூட்டி வையுங்கள்

100x ஆயில் லென்ஸ் கட்டாயம். 40x-இல் எடுத்த படத்தில் வெள்ளணுக்களை எண்ண முடியும். துகள்களை நம்பி வகை பிரிக்க முடியாது.

உங்கள் படத்தின் நுணுக்கம் போதுமா என்று பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை. படத்தில் ஒரு சராசரிச் சிவப்பணு எத்தனை பிக்சல் அகலம் என்று அளந்து பாருங்கள். சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 7.5 மைக்ரான். அது 75 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால் படம் போதாது. நல்ல 12 மெகாபிக்சல் அமைப்பில் அது 180 பிக்சலைத் தாண்டும். நோயாளிக்குச் சிவப்பணு அளவே சிறியதாக இருக்கலாம் என்பதால், இந்தச் சோதனையை இயல்பான அளவுள்ள ஒரு ஸ்லைடில் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்லைடில் செல்களே இல்லாத வெற்றிடத்துக்குப் போய், ஆயிலோடு சேர்த்து அந்த இடத்தை வைத்து ஒயிட் பேலன்ஸை அமையுங்கள். எக்ஸ்போஷரையும் அங்கேயே பூட்டிவிடுங்கள். தானியங்கி முறையில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் நிறம் மாறும். ஒரு படத்தில் நியூட்ரோஃபிலாகத் தெரிந்தது அடுத்த படத்தில் ஈசினோஃபில் போல ஆரஞ்சாகிவிடும். போன் கேமராவை ஐபீஸில் பொருத்தி எடுப்பவர்கள் எச்.டி.ஆர்., படத்தைக் கூர்மையாக்கும் வசதி, அழகூட்டும் வசதி மூன்றையும் அணைத்துவிட வேண்டும். கூர்மையாக்கும் வசதி இல்லாத துகள்களை உண்டாக்கிக் காட்டும்.

சாதாரண ஆப்ஜெக்டிவில் நடுப்பகுதி தெளிவாக இருக்கும்போது ஓரம் மங்கும். அதனால் தெளிவாகத் தெரியும் நடுச் செவ்வகம் எதுவோ அதையே உங்கள் சட்டமாக முடிவுசெய்து, கடைசிவரை மாற்றாதீர்கள். படத்துக்குப் படம் வசதிப்படி வெட்டினால் கணக்கு குலைந்துவிடும்.

நேரில் பார்க்கும்போது கை தானாகவே ஃபோக்கஸ் திருகைச் சற்று ஏற்றி இறக்கும். உட்கருவின் மடிப்பும் துகள்களும் வெவ்வேறு ஆழத்தில் இருப்பதால் அப்படித் திருகித்தான் இரண்டையும் பார்க்கிறோம். படத்தில் அதற்கு வழியில்லை. எனவே வெள்ளணு உள்ள ஒவ்வோர் இடத்திலும் நடு ஃபோக்கஸில் ஒன்று, நுண் திருகைச் சற்று மேலே திருப்பி ஒன்று, கீழே திருப்பி ஒன்று என மூன்று படங்கள் எடுங்கள். பிற்பாடு பாதிச் சந்தேகங்கள் இதிலேயே தீரும்.

## 3. பாதையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்

இதுதான் முழு வேலையின் மையம்.

வெள்ளணுக்கள் ஸ்மியரில் சமமாகப் பரவுவதில்லை. பெரிய செல்களான மோனோசைட்டும் நியூட்ரோஃபிலும் வாலின் நுனிக்கும் பக்கவாட்டு ஓரங்களுக்கும் இழுபட்டுப் போகும். சிறிய லிம்போசைட்டுகள் நடுப்பகுதியில் தங்கும். வால் நுனியில் மட்டும் படமெடுத்தால் நியூட்ரோஃபில் கூடும். நடுவில் மட்டும் எடுத்தால் லிம்போசைட் கூடும். இரண்டு முறையும் செல்லின் பெயரை நீங்கள் சரியாகவே சொல்லியிருப்பீர்கள், ஆனாலும் விடை தவறாக இருக்கும்.

இன்னொன்று, மனிதக் கண்ணுக்கு அழகான செல்லைத்தான் படமெடுக்கத் தோன்றும். ஈசினோஃபில் கண்ணில் பட்டால் கை தானாகக் கேமரா பொத்தானுக்குப் போகும். சற்று நசுங்கிய சாதாரண நியூட்ரோஃபிலைக் கடந்து போய்விடுவோம். இப்படிச் சேர்ந்த 200 படங்களை வைத்து எந்தச் சதவீதத்தையும் சொல்ல முடியாது.

ஆகவே ஒரே அடுக்குப் பகுதியில், ஸ்மியரின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை நேர்கோட்டில் போங்கள். விளிம்பைத் தொட்டதும் ஸ்டேஜை நீளவாக்கில் 0.3 மி.மீ. நகர்த்தி, எதிர்த் திசையில் திரும்பி வாருங்கள். ஸ்டேஜிலுள்ள வெர்னியர் அளவுகோல் 0.1 மி.மீ. வரை காட்டும் என்பதால் இதைத் துல்லியமாகச் செய்யலாம். போகும் வழியில் சட்டத்துக்குள் வரும் ஒவ்வொரு வெள்ளணுவையும் படமெடுக்க வேண்டும். நசுங்கியதும் உண்டு, மேலே அழுக்கு விழுந்ததும் உண்டு. விதிவிலக்கே கிடையாது.

எத்தனை சட்டங்களைக் கடக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் நேரத்தைத் திட்டமிடலாம். இயல்பான ரத்தத்தில் ஏறத்தாழ 700 சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளணு இருக்கும். 100x-இல் ஒரு சட்டம் 160-க்கு 120 மைக்ரான் என்று வைத்தால் அதில் 200 சிவப்பணு இருக்கும். அப்படியானால் மூன்று நான்கு சட்டத்துக்கு ஒரு வெள்ளணு. 200 வெள்ளணு வேண்டும் என்றால் 600, 700 சட்டங்களைக் கண்ணால் கடந்தாக வேண்டும். 15 மி.மீ. அகலமுள்ள ஸ்மியரில் ஒரு குறுக்கோட்டத்துக்கு 125 சட்டம் வரும். ஐந்தாறு ஓட்டங்களில் வேலை முடியும். படமெடுக்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரமாக அரை மணியில் முடிக்க முயன்றால் பாதையை விட்டு விலகி, வெள்ளணுக்கள் கூட்டமாக இருக்கும் ஓரத்துக்குப் போய்விடுவீர்கள்.

ஒரு கூடுதல் வேலையும் உண்டு. கடந்த சட்டங்களின் எண்ணிக்கையைக் கைக் கவுண்டரில் அழுத்திக்கொண்டே போங்கள். 30 சட்டத்துக்கு ஒருமுறை, வெள்ளணு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு படம் எடுங்கள். எதற்கு என்பது 7-ஆம் படியில் வரும்.

வேறு யாரோ எடுத்த படங்கள் உங்களிடம் வந்தால், எண்ணத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஸ்மியரின் எந்தப் பகுதி? எல்லா வெள்ளணுக்களையும் எடுத்தீர்களா, தேர்ந்தெடுத்து எடுத்தீர்களா? படங்கள் ஒன்றோடொன்று மேற்படியுமா? இரண்டாவது கேள்விக்கு "நல்லதாகப் பார்த்து எடுத்தேன்" என்று பதில் வந்தால், அந்தப் படங்களில் என்னென்ன வகைச் செல்கள் இருந்தன என்று மட்டும் எழுதலாம். சதவீதம் போடாதீர்கள்.

## 4. கோப்பும் பதிவேடும்

படத்தின் பெயரில் ஸ்லைடு எண், ஓட்ட எண், இட எண், ஃபோக்கஸ் நிலை நான்கும் இருக்கட்டும். `S07_R2_018_b.tif` என்றால் ஏழாம் ஸ்லைடு, இரண்டாம் ஓட்டம், பதினெட்டாவது இடம், நடு ஃபோக்கஸ். நோயாளியின் பெயர் கோப்புப் பெயரிலோ ஸ்லைடு லேபிள் வழியாகப் படத்திலோ வரக்கூடாது. எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் லேபிலேயே இருக்கட்டும். போனில் எடுத்தால் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள்.

பதிவேட்டில் ஒரு செல்லுக்கு ஒரு வரி. செல் எண், கோப்பு, வெர்னியர் காட்டும் x, y எண்கள், வகை, சந்தேகம் என ஐந்து பத்திகள் போதும்:

```
cell,file,x_y,class,doubt
041,S07_R2_018_b.tif,112.4_18.7,MO,LY
042,S07_R2_019_b.tif,112.4_18.9,NE,
```

கடைசிப் பத்தியை விட்டுவிடாதீர்கள். மோனோசைட் என்று எழுதினோம், லிம்போசைட்டாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. அதை அங்கேயே குறித்துவிட்டால் பிறகு திரும்பிப் பார்க்க வேண்டியவை எவை என்று தெரியும். கூட்டிப் பார்ப்பதற்கு ஸ்ப்ரெட்ஷீட்டில் `=COUNTIF(D:D,"EO")` போதும்.

செலவு என்று பார்த்தால் இடம்தான். சுருக்காத 12 மெகாபிக்சல் படம் ஒன்று ஏறத்தாழ 36 எம்.பி. ஆகும். 200 இடம், மூன்று ஃபோக்கஸ் என்றால் 21 ஜி.பி.யைத் தாண்டிவிடும். உயர்தர ஜேபெக்கில் சேமித்தால் பத்தில் ஒரு பங்கில் முடியும். இந்த வேலைக்கு அது போதும். ஆனால் படங்களை மெசேஜ் செயலியில் படமாக அனுப்பாதீர்கள். அது சத்தமில்லாமல் சுருக்கிவிடும், நியூட்ரோஃபிலின் நுண்துகள்கள்தான் முதலில் காணாமல் போகும். கோப்பாக அனுப்புங்கள்.

## 5. எண்ணும் விதிகளை எழுதி ஒட்டி வையுங்கள்

சட்டத்தின் இடது ஓரத்தையும் மேல் ஓரத்தையும் தொடும் செல்லை எண்ணுங்கள். வலது, கீழ் ஓரங்களைத் தொடுவதை விட்டுவிடுங்கள். பெரிய செல் ஓரத்தைத் தொடும் வாய்ப்பு அதிகம். வெட்டுப்பட்டதையெல்லாம் தள்ளினால் மோனோசைட் குறைந்துவிடும், எல்லாவற்றையும் எடுத்தால் கூடிவிடும். நீங்களே படமெடுப்பவர் என்றால், எண்ணத் தகுந்த ஓரச் செல்லை ஸ்டேஜை நகர்த்தி உள்ளே கொண்டுவந்து இன்னொரு படம் எடுத்து, அதே இட எண்ணைக் கொடுங்கள்.

ஒரே செல் இரண்டு படங்களில் வந்ததா என்ற சந்தேகம் வந்தால் வெள்ளணுவைப் பார்க்காதீர்கள், சுற்றியுள்ள சிவப்பணுக்களைப் பாருங்கள். இரண்டு லிம்போசைட்டுகள் அச்சாக ஒன்றுபோல இருக்கலாம், ஆனால் அவற்றைச் சுற்றி நிற்கும் சிவப்பணுக்களின் அமைப்பு ஒருபோதும் ஒன்றாக இருக்காது.

உட்கரு உள்ள சிவப்பணு கண்ணில் பட்டால் 200-இல் சேர்க்காமல் தனியாக எண்ணி, "100 வெள்ளணுவுக்கு இத்தனை" என்று எழுத வேண்டும். உடைந்து பரவிய செல்களுக்கு, அதாவது ஸ்மட்ஜ் செல்களுக்கு, தனிப் பத்தி போடுங்கள். இன்னதென்று அடையாளம் தெரியும் அளவுக்கு இருந்தால் அந்த வகையிலேயே சேர்க்கலாம். ஸ்மட்ஜ் செல்கள் நிறைய இருந்தால் அது தற்செயல் அல்ல. நாட்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியாவில் லிம்போசைட்டுகள்தான் அப்படி உடைகின்றன. அவற்றைத் தள்ளிவிட்டு எண்ணினால் லிம்போசைட் சதவீதம் பொய்யாகக் குறையும். அப்படிப்பட்ட ஸ்லைடை லேப் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடையாளம் தெரியாதவற்றுக்கும் ஒரு பத்தி வேண்டும். அது 200-இல் இரண்டு மூன்று என்றால் பரவாயில்லை. பத்தைத் தாண்டினால் படத்திலோ ஸ்டெயினிலோ கோளாறு, அல்லது அந்த ரத்தத்தில் நிஜமாகவே வேறு ஏதோ இருக்கிறது.

## 6. தடுமாற வைக்கும் ஜோடிகள்

ஐந்து வகைகளின் பொது அடையாளங்களை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். படத்தில் உண்மையில் மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பெரிய லிம்போசைட்டும் மோனோசைட்டும். சந்தேகங்களில் பெரும்பங்கு இதுதான். அளவை நம்பாதீர்கள், ஏனென்றால் மெல்லிய பகுதியில் எல்லாச் செல்லும் பரந்து பெரிதாகும். உட்கரு மடிந்திருக்கிறது என்பதையும் மட்டும் நம்ப முடியாது. குரோமேட்டினைப் பாருங்கள். லிம்போசைட்டில் அது திட்டுத் திட்டாக அடர்ந்து கிடக்கும். மோனோசைட்டில் நூல் பிரிந்ததுபோல இழையிழையாகத் தளர்ந்திருக்கும். அப்புறம் சைட்டோபிளாசம். மோனோசைட்டில் அது தேய்த்த கண்ணாடி மாதிரி சாம்பல் கலந்த மங்கல் நீலம். நுண்ணிய துகள்களும் சில குமிழ்களும் இருக்கும். தூண்டப்பட்ட லிம்போசைட்டில் அது தெளிந்த நீலம். பக்கத்துச் சிவப்பணுவைத் தழுவி உள்வாங்கி நிற்கும்; தொடும் விளிம்பில் நீலம் அடர்ந்திருக்கும். குரோமேட்டின், சைட்டோபிளாசத்தின் நிறம், துகளும் குமிழும், சிவப்பணுவைத் தழுவுவது என்ற இந்த நான்கில் மூன்று ஒரே பக்கம் சொன்னால் அதையே எழுதுங்கள். இரண்டுக்கு இரண்டு என்று நின்றால் மேல், கீழ் ஃபோக்கஸ் படங்களைத் திறந்து குரோமேட்டினை மட்டும் பார்த்து முடிவெடுங்கள். சந்தேகப் பத்தியிலும் குறித்துவிடுங்கள்.

நியூட்ரோஃபிலும் ஈசினோஃபிலும். மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் இது நடக்கும். அதே படத்திலுள்ள சிவப்பணுவை அளவுகோலாக வையுங்கள். ஈசினோஃபிலின் துகள்கள் சிவப்பணுவைவிடப் பளிச்சென்ற ஆரஞ்சாக, உருண்டையாக, ஒரே அளவில், நெருக்கமாக நிரம்பியிருக்கும். ஒவ்வொரு துகளையும் தனியாகப் பார்க்க முடியும். உட்கருவும் பெரும்பாலும் இரண்டு மடல்தான். நோய்த்தொற்றில் நியூட்ரோஃபிலின் துகள்கள் தடித்துக் கறுத்துத் தெரியும். அவை ஊதா கலந்தவை, ஆரஞ்சு அல்ல.

பேண்டும் செக்மென்டும். இரண்டும் நியூட்ரோஃபில்தான்; உட்கரு இன்னும் மடல்களாகப் பிரியாத இளையது பேண்ட், பிரிந்தது செக்மென்ட். உட்கரு மடல்களுக்கு நடுவே மெல்லிய நூல் போன்ற இணைப்பு தெரிந்தால் செக்மென்ட். மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து நூல் மறைந்திருந்தாலும், சந்தேகமாக இருந்தாலும் செக்மென்டிலேயே சேர்ப்பது வழக்கம். படத்தில் இந்தப் பிரிவினை இருவருக்கு ஒத்துப்போவது அரிது. உங்களிடம் கேட்கவில்லை என்றால் இரண்டையும் சேர்த்து நியூட்ரோஃபில் என்று கொடுப்பதே மேல்.

பேசோஃபில். 200-இல் ஒன்றோ இரண்டோதான் வரும், வராமலும் போகும். அதன் துகள்கள் தண்ணீரில் கரையக்கூடியவை. கழுவும்போது கரைந்துவிட்டால் கருநீலத் துகள்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் குழிகள்தான் தெரியும். அதை நியூட்ரோஃபில் என்று எழுதிவிடுவோம். மாறாக, அதிகம் ஸ்டெயின் ஏறிய லிம்போசைட்டைப் பேசோஃபில் என்று எழுதுவதும் உண்டு. துகள்கள் உட்கருவின் மேலேயும் ஏறி அதை மறைக்கின்றனவா என்று பாருங்கள்.

கண்ணைப் பழக்குவதற்குப் பார்சிலோனா மருத்துவமனை ஒன்றிலிருந்து 2020-இல் வெளியான திறந்த தொகுப்பு உதவும். அதில் 17,092 ஒற்றைச் செல் படங்களை நிபுணர்கள் எட்டு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: அதில் நியூட்ரோஃபில் 3,329, ஈசினோஃபில் 3,117. எந்த மனிதரின் இயல்பான ரத்தத்திலும் இந்த இரண்டும் சமமாக இருக்காது. வடிவத்தைப் பழக அந்தத் தொகுப்பு நல்லது, ஆனால் அதிலேயே மூழ்கிக் கிடந்துவிட்டு நிஜ ஸ்லைடுக்கு வந்தால் கண் எங்கும் ஈசினோஃபிலைத் தேடும்.

## 7. ஒரு ஸ்லைடை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

S07 என்ற ஸ்லைடு. லேப் எந்திரம் சொன்ன மொத்த வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டருக்கு 7,400. சிவப்பணு 48 லட்சம். கேள்வி ஈசினோஃபில் கூடியிருக்கிறதா என்பது.

ஐந்து ஓட்டங்களில் 640 சட்டங்களைக் கடந்து 200 வெள்ளணு சேர்ந்தது. நியூட்ரோஃபில் 108, லிம்போசைட் 60, மோனோசைட் 13, ஈசினோஃபில் 16, பேசோஃபில் 1, அடையாளம் தெரியாதவை 2.

முதல் சோதனை: வழியில் வெள்ளணுக்களைத் தவறவிட்டோமா? 30 சட்டத்துக்கு ஒன்றாக எடுத்த படங்களில் சிவப்பணுக்களை எண்ண வேண்டும். இதற்கு ஃபிஜி என்ற இலவச மென்பொருள் போதும். படத்தைத் திறந்து `Plugins > Analyze > Cell Counter` போய், `Initialize` அழுத்தி, `Type 1` தேர்ந்து, ஒவ்வொரு சிவப்பணுவின் மேலும் கிளிக் செய்தால் எண்ணிக்கை கூடிக்கொண்டே வரும். `Save Markers` கொடுத்தால் குறிகளும் சேமிக்கப்படும். சட்டத்துக்குச் சராசரி 210 வந்தது. 640 சட்டத்துக்கு 1,34,400 சிவப்பணு. இப்போது விகிதம்:

```
200 / 134400 x 4800000 = 7143
```

எந்திரம் 7,400 சொன்னது, படம் 7,140 சொல்கிறது. இந்தக் கணக்கு தோராயமானதுதான், ஆனால் இவ்வளவு நெருங்கி வந்தால் வழியில் பெரிதாக எதுவும் விடுபடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். 3,500 என்று வந்திருந்தால் வெள்ளணுக்கள் வால் ஓரத்தில் ஒதுங்கியிருக்கின்றன, அல்லது நாம் கவனிக்காமல் தாண்டியிருக்கிறோம்; அந்தச் சதவீதங்களை வெளியே கொடுக்கக்கூடாது. ஐபீஸில் ஒரு வட்டத்துக்கு இத்தனை வெள்ளணு என்று பார்த்து 2,000-ஆல் பெருக்கும் பழைய வழி இங்கே உதவாது. அது 40x-இல் முழு வட்டத்துக்குச் சொன்னது. கேமரா அந்த வட்டத்தின் ஒரு பகுதியைத்தான் பிடிக்கிறது.

அடுத்து ஈசினோஃபில். 200-இல் 16, அதாவது 8 சதவீதம். 7,400-இல் 8 சதவீதம் 592. வழக்கமான எல்லை 500. கூடியிருக்கிறது என்று எழுதிவிடலாமா?

பதிவேட்டில் முதல் 100 செல்லையும் அடுத்த 100 செல்லையும் பிரித்துப் பார்த்தால், முதல் பாதியில் 5, இரண்டாம் பாதியில் 11. முதல் 100-உடன் நிறுத்தியிருந்தால் 370, இயல்பு. இரண்டாம் 100-ஐ மட்டும் எண்ணியிருந்தால் 814, கூடுதல். ஸ்லைடும் ஒன்று, கண்ணும் ஒன்று, தவறு எதுவும் நடக்கவில்லை. குறைவான செல்களை எண்ணினால் விடை இப்படித்தான் அலையும். அலைச்சலின் அளவைக் காட்டும் சூத்திரம் எளிது. p என்பது சதவீதம், n என்பது எண்ணிய செல்:

```
p ± 2 × sqrt( p × (100 - p) / n )
8 ± 2 × sqrt( 8 × 92 / 200 )  =  8 ± 3.8
```

அதாவது 4.2 முதல் 11.8 சதவீதம், எண்ணிக்கையில் 310 முதல் 870. எல்லைக் கோடு 500 இதற்கு நடுவில் கிடக்கிறது. 400 செல் எண்ணி அதே 8 சதவீதம் வந்தாலும் 390 முதல் 790 வரைதான் சுருங்கும். இரு மடங்கு உழைத்தால் இடைவெளி பாதியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதியாக வேண்டுமென்றால் நான்கு மடங்கு எண்ண வேண்டும். பேசோஃபில் மாதிரி ஓரிரண்டு செல்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அங்கே 200-இல் 1 என்று அப்படியே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, மறுவாசிப்பு. சில நாட்கள் கழித்து, முதல் விடைகளை மறைத்துவிட்டு, படங்களின் வரிசையைக் கலைத்து மீண்டும் பிரியுங்கள். S07-இல் இரண்டாம் முறை லிம்போசைட் 56, மோனோசைட் 17 என்று மாறியது; ஈசினோஃபில் 16-இல் ஒன்றுகூட மாறவில்லை. அப்படியானால் ஈசினோஃபிலைப் பொறுத்தவரை அடையாளத்தில் பிரச்சினை இல்லை, இருப்பது எண்ணிக்கை போதாமைதான். மோனோசைட்டைப் பொறுத்தவரை பிரச்சினை அடையாளத்தில். முன்னதற்கு இன்னும் செல்களை எண்ண வேண்டும், பின்னதற்கு இன்னொருவர் கண் வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனால் இரண்டாவது தீராது.

## 8. எழுதிக் கொடுக்கும்போது

சதவீதத்தோடு மைக்ரோலிட்டர் எண்ணிக்கையையும் எழுதுங்கள். எத்தனை செல் எண்ணியது, எந்த லென்ஸ், எந்த ஸ்டெயின், ஸ்மியரின் எந்தப் பகுதி, அடையாளம் தெரியாதவை எத்தனை என்பதும் அறிக்கையிலேயே இருக்க வேண்டும். S07-க்கு எழுத வேண்டிய வரி இப்படி இருக்கும்: "200 செல்லில் ஈசினோஃபில் 16, 8 சதவீதம், மைக்ரோலிட்டருக்கு ஏறத்தாழ 590, எண்ணிய அளவில் 310 முதல் 870 வரை இருக்கலாம். எந்திர எண்ணிக்கையோடு ஒப்பிடவும்." ரத்தம் பரிசோதிக்கும் எந்திரம் ஆயிரக்கணக்கில் செல்களை எண்ணுவதால், அது ஈசினோஃபிலைத் தனியாகக் காட்டியிருந்தால் எல்லைக்கோட்டுக் கேள்விக்கு அதன் எண்தான் உறுதியானது. அந்தத் துகள்கள் உண்மையிலேயே ஈசினோஃபிலுடையவையா என்று உறுதிசெய்வது படத்தின் வேலை.

ஒரு சூழ்நிலையில் எண்ணுவதை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரிய உட்கரு, மென்மையான குரோமேட்டின், உள்ளே ஒன்றிரண்டு வெளிறிய வட்டங்கள், சுற்றிலும் குறுகிய நீலச் சைட்டோபிளாசம் என்று ஒரு செல் கண்ணில் பட்டால், அதை ஐந்து வகைகளில் ஒன்றில் திணிக்க வேண்டாம். அது பிளாஸ்ட் என்ற முதிராத செல்லாக இருக்கலாம். மூன்று ஃபோக்கஸ் படங்களையும் வெர்னியர் எண்ணையும் ஸ்லைடையும் சேர்த்து அன்றைக்கே ஹெமட்டாலஜி மருத்துவரிடம் கொடுங்கள். x, y எண்கள் பதிவேட்டில் இருந்தால் அவர் நேராக அதே செல்லுக்குப் போய் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடுவார்.